புண் ஆறுகிறதா? ஸ்கேல் வைத்து எடுத்த படங்களிலிருந்து பரப்பளவைக் கணக்கிடும் முறை

அம்மாவின் கணுக்காலில் வந்த புண்ணுக்கு நான்தான் கட்டு மாற்றினேன். வாரம் ஒருமுறை, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். முதல் இரண்டு படங்களையும் கணினியில் அளந்தபோது 9.0 சதுர செ.மீ. இருந்த புண் ஒரே வாரத்தில் 10.3 ஆகியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள்தான் தெரிந்தது, வளர்ந்தது புண் அல்ல, தவறு என் அளவீட்டில். அதை மூன்றாம் படியில் விரிவாகச் சொல்கிறேன். வேறு யாரும் அப்படி ஓர் இரவைக் கழிக்க வேண்டாம்.

முதல் படி: படம்

கட்டைப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, சுற்றியுள்ள ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் இதே வரிசை வேண்டும். கால் இருக்கும் நிலையும் மாறக்கூடாது.

ஸ்கேலைப் புண்ணின் மேல் படாமல், அதன் விளிம்புக்கு அருகில், தோலின் மேலேயே வையுங்கள். படுக்கை விரிப்பின் மேல் வைக்காதீர்கள். கேமராவிலிருந்து புண் 27 செ.மீ. தொலைவிலும், கீழே கிடக்கும் ஸ்கேல் 30 செ.மீ. தொலைவிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளி இருக்கும் ஸ்கேல் படத்தில் சிறிதாகத் தெரியும். நீளத்தில் ஏற்படும் பிழை பரப்பளவில் இருமடி ஆவதால், புண் உண்மையில் இருப்பதைவிடச் சுமார் 23 சதவீதம் பெரிதாகக் கணக்கில் வரும். மூன்றே செ.மீ. உயர வேறுபாடு செய்யும் வேலை இது.

நான் பரிந்துரைப்பது ‘ட’ வடிவத்தில் இரு கைகள் உள்ள காகித ஸ்கேல். கடினமான பிளாஸ்டிக் ஸ்கேல் தோலோடு ஒட்டி நிற்காது. இரண்டு கைகள் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. கேமரா சாய்ந்திருந்தால் ஒரு கையின் சென்டிமீட்டர்கள் மற்றக் கையில் உள்ளவற்றைவிடக் குறுகித் தெரியும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் நான் அந்தப் படத்தை நீக்கிவிட்டு மீண்டும் எடுப்பேன்.

கைபேசியை மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். ஓர் அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் ஓரங்கள் வளையாது. தேதியை ஸ்கேலிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். செய்திச் செயலி வழியாக அனுப்பிய படத்தில், கைபேசி பதிந்து வைத்த தேதி பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

இரண்டாம் படி: மென்பொருள்

விரலை வைத்து அளக்கும் கைபேசிச் செயலிகளைவிட எனக்கு ImageJ பிடித்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் உருவான இலவச மென்பொருள் அது. நிறுவிக்கொண்டு, `Analyze > Set Measurements` பகுதியில் `Area` என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: ஸ்கேலைக் கணினிக்குச் சொல்லுதல்

படத்தைத் திறந்து, நேர்கோட்டுக் கருவியால் ஸ்கேலின் 0 முதல் 5 செ.மீ. வரை ஒரு கோடு இழுங்கள். 1 செ.மீ. மட்டும் இழுத்தால், சுட்டி சற்றே பிசகினாலும் பிழை பெரிதாகிவிடும். பிறகு `Analyze > Set Scale` திறந்து இப்படி நிரப்புங்கள்:

```
Known distance: 5
Unit of length: cm
Global: (தேர்வு செய்யாதீர்கள்)
```

அந்தக் கடைசி வரியில்தான் நான் விழுந்தேன். `Global` தேர்வில் இருந்தால், முதல் படத்துக்குக் கொடுத்த அளவே அடுத்து திறக்கும் எல்லாப் படங்களுக்கும் போய்விடும். என் முதல் படத்தில் 5 செ.மீ. என்பது 610 படப்புள்ளிகள், அதாவது ஒரு செ.மீ.க்கு 122. இரண்டாம் வாரம் நான் கொஞ்சம் நெருங்கி நின்றிருக்கிறேன். அதில் 5 செ.மீ.க்கு 700 புள்ளிகள், ஒரு செ.மீ.க்கு 140. அந்தப் படத்தில் புண்ணுக்குள் இருந்தவை 1,52,880 புள்ளிகள். இரண்டு விதமாகவும் வகுத்துப் பாருங்கள்:

```
152880 / (122 × 122) = 10.3
152880 / (140 × 140) = 7.8
```

7.8 தான் சரி. புண் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கோடு இழுங்கள். முந்தைய படத்தை மூடிவிட்டே அடுத்ததைத் திறங்கள்.

நான்காம் படி: விளிம்பைச் சுற்றுதல்

கையால் வரையும் கருவி நடுங்கும். பலகோணக் கருவியை எடுத்து, படத்தை நன்றாகப் பெரிதாக்கி, விளிம்பில் புள்ளி புள்ளியாகச் சொடுக்கி வாருங்கள். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் `Ctrl+M` அழுத்தினால் பரப்பளவு சதுர செ.மீ.யில் வரும்.

எது விளிம்பு? ஓரத்திலிருந்து உள்ளே வளர்ந்துவரும் மெல்லிய, வெளிறிய, வறண்ட புதுத்தோல் ஆறிய பகுதி. அதைப் புண்ணோடு சேர்க்காதீர்கள். சுற்றியுள்ள சிவந்த தோலும் புண்ணில் சேராது. திறந்து, ஈரமாக மினுங்கும் பகுதியைச் சுற்றினால் போதும்.

ஒரே படத்தை மூன்று முறை சுற்றிப் பாருங்கள். எனக்கு 7.6, 7.8, 8.0 என்று வந்தன. அப்படியானால் என் கை 0.2 வரை முன்பின் போகும். இரண்டு வாரங்களுக்கு இடையே 0.3 மட்டுமே வேறுபட்டால், புண் மாறிவிட்டதாக நான் எழுதிக்கொள்ள மாட்டேன்.

ஐந்தாம் படி: அட்டவணை

மார்ச் 3 அன்று 9.0, 10 அன்று 7.8, 17 அன்று 6.4, 24 அன்று 5.2, 31 அன்று 4.2. எப்போதும் முதல் நாளோடு ஒப்பிடுங்கள்:

```
100 × (9.0 - 4.2) / 9.0 = 53
```

நான்கு வாரத்தில் 53 சதவீதம் குறைந்திருக்கிறது. நீரிழிவுக் கால்புண் நான்கு வாரத்தில் பாதியளவு கூடச் சுருங்கவில்லை என்றால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்வது மருத்துவர்களின் வழக்கம். எனவே இந்த ஒரு எண்ணை அவர்களிடம் கொண்டுபோவது பயனுள்ளது. ஆனால் ஆழம் படத்தில் விழாது. பரப்பளவு குறைந்துகொண்டே வந்தாலும் நாற்றம், சீழ், காய்ச்சல், கூடும் வலி இவற்றில் ஏதாவது தோன்றினால் அடுத்த வாரப் படத்துக்குக் காத்திருக்காமல் உடனே காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

ஸ்கேலை அச்சிட்டு எடுத்த ஒருவருக்கு எண்கள் எல்லாம் மருத்துவமனைக் குறிப்பைவிடப் பெரிதாக வந்தன. அச்சுப்பொறி பக்கத்துக்குப் பொருந்துமாறு படத்தைச் சுருக்கியிருந்தது. அவருடைய 1 செ.மீ. உண்மையில் 0.94 தான். பரப்பளவில் இது 13 சதவீத மிகை. எல்லா வாரமும் அதே தாளைப் பயன்படுத்தியதால் அவருடைய சுருக்கச் சதவீதம் மட்டும் தப்பியது. அச்சிட்டதும் உண்மையான ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைபேசியின் `.heic` படங்களை ImageJ திறக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். `.jpg` ஆக மாற்றிக்கொண்டால் திறக்கும்.

கெண்டைக்காலைச் சுற்றி வளைந்து போகும் புண்ணை இப்படி அளக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். வேண்டாம். படம் தட்டையானது, வளைந்து மறையும் பகுதி குறைத்தே தெரியும். அத்தகைய புண்ணுக்குச் சுத்தமான ஒளிபுகும் தாளை மேலே வைத்து விளிம்பை வரைந்து, பிறகு அந்தத் தாளைத் தட்டையாக விரித்து, ஸ்கேலோடு படமெடுத்து அளக்க வேண்டும்.

இன்னொருவரின் தந்தைக்கு மூன்றாம் வாரத்தில் பரப்பளவு திடீரெனக் கூடியது. விசாரித்தபோது, அந்த வாரம் மருத்துவர் இறந்த திசுவை வெட்டி அகற்றியிருந்தார். அது பின்னடைவு அல்ல. அன்றைய தேதிக்கு எதிரே ‘திசு அகற்றியது’ என்று எழுதி, அகற்றிய பின் எடுத்த படத்தைப் புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.