ஜெயித்த நாள் மட்டும் ஏன் மனதில் நிற்கிறது? பந்தயக் கணக்கை எழுதிப் பார்க்கும் முறை

பந்தயத்தில் உன் நிலை என்ன என்று போன வருடம் யாராவது என்னைக் கேட்டிருந்தால், "பெரிய லாபம் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை, கூட்டிக் கழித்தால் சற்று மேலேதான் நிற்கிறேன்" என்று சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் எண்ணமே எனக்கு இருந்திருக்காது. அப்படித்தான் மனப்பூர்வமாக நம்பினேன். பிறகு ஒரு மாதம் முழுக்க எழுதிப் பார்த்தேன். எழுதியபோது நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை முக்கியமாகச் சொல்லவே இந்தப் பதிவு. தொகைகளுக்கு நாணயப் பெயர் போடவில்லை, வெறும் எண்களாகவே படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். தோற்றது மறந்துபோகிறது, ஜெயித்தது நினைவில் இருக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விஷயம் அதைவிடக் குறும்பானது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தயம் கட்டுபவர்களை வைத்து உளவியலாளர் தாமஸ் கிலோவிச் செய்த ஆய்வு 1983இல் வெளியானது. ஜெயித்த பந்தயத்தை அவர்கள் "நான் கணித்தேன், நடந்தது" என்று அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தோற்ற பந்தயத்தையோ நீளமாக அலசினார்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது தோல்விகளைத்தான் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் அவை தோல்வியாக நினைவில் இல்லை. கடைசி நிமிடத்தில் பந்து நழுவியதால் கைதவறிப்போன வெற்றியாக இருந்தன.

நினைவு தோல்வியை அழிப்பதில்லை, அதன் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிடுகிறது. எனவே தொகையை மட்டும் குறித்து வைப்பது பாதி வேலைதான். பெயர்ச்சீட்டை மாற்ற முடியாதபடியும் எழுத வேண்டும்.

படி 1: எழுதத் தொடங்கும் முன் ஊகத்தை எழுதுங்கள்

கடந்த மாதம் எத்தனை நாள் ஆடினீர்கள், அதில் எத்தனை நாள் லாபம், மொத்தம் எவ்வளவு மேலே அல்லது கீழே என்ற மூன்றையும் யோசிக்காமல் முதல் பக்கத்தில் எழுதித் தேதி போடுங்கள். புதிய மாதம் முடிந்ததும், கணக்கைக் கூட்டுவதற்கு முன் அந்த மாதத்துக்கும் இதேபோல் ஓர் ஊகம் எழுத வேண்டும். இதைத் தவிர்த்தால் மாதக் கடைசியில் மனம் "எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்லிவிடும். அந்த வாயை அடைக்க இந்த மூன்று வரிகள் போதும்.

படி 2: தைத்த நோட்டு, பேனா

நான் இதில் பிடிவாதக்காரன். பென்சில் வேண்டாம், கிழிக்க வசதியான தாள்கட்டும் வேண்டாம். பக்க எண்ணை நீங்களே போட்ட சிறிய தைத்த நோட்டுதான் சரி. செயலி ஒன்றையும் முயன்றேன். லாபத்தைப் பச்சையில் பெரிதாகவும் நஷ்டத்தைச் சாம்பல் நிறத்தில் சிறிதாகவும் காட்டியது. எந்த நோயைத் தீர்க்க அதை நிறுவினேனோ, அந்த நோயையே வளர்த்தது! இணையத்தில் ஆடுபவர்கள் கணக்கு வரலாற்றை நம்பலாம்தானே என்று நினைக்கலாம். நான் பார்த்த பக்கத்தில் ஒவ்வொரு பந்தயமும் தனித்தனியாக இருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு பணம் உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதை வேறு இரண்டு இடங்களில் தேடிக் கூட்ட வேண்டியிருந்தது.

படி 3: பந்தயத்தை எண்ணாதீர்கள், பையை எண்ணுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் வாரம் ஒவ்வொரு பந்தயத்தையும் "ஜெயித்தது 600", "தோற்றது 200" என்று எழுதினேன். இரண்டு பிழைகள் செய்தேன். 300 கட்டி 600 கைக்கு வந்தால் லாபம் 300தான், ஆனால் என் நோட்டில் 600 என்று இருந்தது. என் பணமே என்னிடம் திரும்பி வந்ததை வெற்றியில் சேர்த்திருந்தேன். தோல்வியில் இந்தக் குழப்பம் வருவதில்லை, 200 போனால் 200தான். ஆகவே பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது.

இரண்டாவது பிழையை ஆறாம் நாள் இரவு காட்டிக்கொடுத்தது. கையில் 2000 கொண்டுபோனேன். ஒரு மணி நேரத்தில் அது கரைந்ததும் அட்டையைப் போட்டு 1500 எடுத்தேன். பிறகு நண்பரிடம் 1000 வாங்கினேன். மீதமிருந்த 1300ஐக் கடைசிப் பந்தயத்தில் மொத்தமாக வைத்தேன், அது 3800 ஆனது. வீடு திரும்பும்போது காற்றில் நடந்தேன். நோட்டில் "1300 வைத்து 3800, லாபம் 2500" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மறுநாள் நண்பருக்கு 1000ஐத் திருப்பிக் கொடுத்தபோதுதான் உறைத்தது. அன்று போட்டது 4500, எடுத்தது 3800. அந்தப் பொன்னான இரவில் எனக்கு 700 நஷ்டம்.

அன்றிலிருந்து ஓர் அமர்வுக்கு மூன்று தொகைகளை மட்டும் எழுதுகிறேன்: கொண்டுபோனது, இடையில் சேர்த்தது, திரும்பியது. கிளம்பும் முன் பையை எண்ணி முதல் தொகை, வந்ததும் எண்ணி மூன்றாவது தொகை. நடுவில் உள்ளதை மட்டும் பணம் வாங்கிய கணமே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் மறைந்துபோவது அதுதான். உங்கள் நோட்டில் அந்தக் கட்டம் மாதம் முழுக்கக் காலியாக இருந்தால் மகிழ வேண்டாம், ஒரு முறை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

சூதாட்ட இயந்திரத்தில் ஆடுபவர்களுக்கு இந்தப் படி இன்னும் அவசியம். படங்கள் ஒன்றாகச் சேர வேண்டிய இருபது கோடுகளில், கோட்டுக்கு ஒன்றாக இருபது காசு வைத்து ஒரு சுற்று ஆடுகிறீர்கள், எட்டுக் காசு திரும்புகிறது. இயந்திரம் விளக்கைப் போட்டு மணியடிக்கிறது. உண்மையில் பன்னிரண்டு காசு போய்விட்டது. ஆய்வாளர்கள் இதை வெற்றி வேடமிட்ட தோல்வி என்கிறார்கள். இப்படிப்பட்ட சுற்றுகள் கூடும்போது, தாம் எத்தனை முறை ஜெயித்தோம் என்பதை ஆட்டக்காரர்கள் உண்மையைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். மணியோசையை எண்ணினால் ஏமாறுவோம், பையை எண்ணினால் ஏமாற வழியில்லை.

படி 4: காரணம் முதலில், முடிவு பிறகு

முக்கியமான பந்தயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன், எவ்வளவு நிச்சயம் என்று நினைக்கிறேன். பந்தயம் முடிவதற்கு முன் எழுத வேண்டும். முடிந்த பின் அந்த வரிக்குக் கீழே முடிவும் தொகையும் மட்டும். விளக்கம் எழுதக் கூடாது.

அந்த "கூடாது"தான் கஷ்டம். என் நோட்டில் ஒரு பக்கம் அப்படியே இருக்கிறது. மேலே "இந்த அணி ஜெயிக்கும், எதிரணியின் முக்கிய ஆட்டக்காரருக்குக் காயம், பத்தில் எட்டுப் பங்கு நிச்சயம்". கீழே "தோல்வி, 500". அதற்கும் கீழே, அடித்தும் மறையாத என் கையெழுத்து: "நடுவர் அந்த ஒரு முடிவை மட்டும்..." மாதக் கடைசியில் புரட்டியபோது, பத்தில் எட்டு நிச்சயம் என்று நான் எழுதிய பத்துப் பந்தயங்களில் ஐந்துதான் பலித்திருந்தன. நடுவர் ஒரு பந்தயத்துக்குக் காரணமாகலாம். மற்ற நான்குக்குமா?

விளக்கத் தடை வெற்றிக்கும் பொருந்தும். "சரியாகக் கணித்தேன்" என்று எழுதத் துடிக்கும் கையை மேலே உள்ள வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த அணி வேறு காரணத்தால் ஜெயித்திருந்தால் பணம் உங்களுடையது, கணிப்பு உங்களுடையது அல்ல.

படி 5: மாதத்துக்கு ஒரு முறை மட்டும் கூட்டுங்கள்

தினமும் கூட்டிப் பார்த்தால், கீழே நிற்கும் தொகையை இன்றே மீட்க வேண்டும் என்ற வெறி வரும். எனக்கு வந்தது. அதனால் மாதக் கடைசியில் மட்டும் கணினி விரிதாளில் ஏற்றுகிறேன். B கொண்டுபோனது, C சேர்த்தது, D திரும்பியது. பன்னிரண்டு அமர்வுக்கு:

```
=SUM(D2:D13)-SUM(B2:C13)
```

கூட்டுவதற்கு முன் நான் எழுதிய ஊகம்: ஏழு நாள் லாபம், மொத்தத்தில் 1000 மேலே. நோட்டு சொன்னது: நான்கு நாள் லாபம் (400, 1900, 300, 1100), எட்டு நாள் நஷ்டம். லாபம் எல்லாம் சேர்த்து 3700, நஷ்டம் எல்லாம் சேர்த்து 7200. ஆக 3500 கீழே.

கூடுதலாக நான் நினைத்திருந்த மூன்று வெற்றி நாட்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். ஒன்று அந்த ஆறாம் நாள். இன்னொன்றில் நடுவில் 1400 மேலே இருந்திருக்கிறேன், கிளம்பும்போது 900 கீழே. மனம் உச்சத்தை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. மூன்றாவதில் அன்றைய கடைசிப் பந்தயம் மட்டும் ஜெயித்திருந்தது.

நோட்டு சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரு மாதம் லாபம் வந்தால் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே சுழியம் கொண்ட ரூலெட் சக்கரத்தில் 37 கட்டங்கள், சிவப்பு 18. நூறு முறை சிவப்பில் ஒவ்வொரு காசு வைத்தால் சராசரியாக 2.7 காசு நஷ்டம். ஆனாலும் அப்படி ஆடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நூறாவது சுற்றில் லாபத்தில் நிற்பார். அவர் அன்று நோட்டை மூடிவிட்டால், அதுவே அவருக்குச் சான்றிதழாகிவிடும்.

பின்சேர்க்கை 1: நிறுவனம் தரும் இலவசப் பந்தயத்தை எங்கே எழுதுவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எங்கும் எழுத வேண்டாம். அதிலிருந்து பணம் உங்கள் கைக்கு வந்தால் "திரும்பியது" கட்டத்தில் வரட்டும். கணக்கில் மிச்சம் என்று திரையில் தெரியும் தொகையும் அப்படித்தான், கைக்கு வராதவரை அது நோட்டுக்குள் வராது.

பின்சேர்க்கை 2: "நஷ்டம் வந்த நாள் எழுதவே மனம் வரவில்லை, ஜெயித்த நாள் மட்டும் எழுதியிருக்கிறேன்" என்றார் ஒரு வாசகர். இது நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது. காலிப் பக்கம்தான் இந்த முறையின் பெரிய ஓட்டை. இப்போது நான் கிளம்பும் முன்பே தேதியையும் முதல் தொகையையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது கட்டம் நிரப்பாமல் கிடந்தால், திரும்பியது சுழியம் என்றே கூட்டுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன் வாங்கி ஆடுகிறவர், நோட்டை வீட்டில் ஒளித்து வைக்கிறவர், நிறுத்த நினைத்தும் முடியாதவர் ஆகியோருக்கு நோட்டு போதாது. அவர்கள் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும், போகும்போது நோட்டையும் எடுத்துப்போகலாம்.

பின்சேர்க்கை 3: நண்பருக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்தால் எந்தக் கட்டம் என்ற கேள்விக்கு: ஆட்டத்தின் நடுவில் வந்தால் "சேர்த்தது", வீட்டில் வந்தால் நோட்டுக்குச் சம்பந்தமே இல்லை. நான் அதையும் ஒரு முறை லாபத்தில் எழுதியிருந்தேன்.