வென்ஃப்ளான் தணிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இரண்டு பயிற்சி மருத்துவர்கள் ஒரு தாளோடு என்னிடம் வந்தார்கள். மருத்துவ வார்டில், மருந்து ஏற்றுவதற்காகக் கைச் சிரையில் போடும் குழாயான வென்ஃப்ளானின் பராமரிப்பைத் தணிக்கை செய்யப் போவதாகச் சொன்னார்கள். தாளில் நான்கு கேள்விகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஆம்", "இல்லை" என்று இரண்டு கட்டங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த தாளும் இப்படித்தான் இருந்தது. அது என் மூன்று மாத உழைப்பை வீணாக்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, கூட்டல் பிழை போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்வது

அவர்களுடைய முதல் கேள்வி: "72 மணி நேரத்துக்குள் வென்ஃப்ளான் மாற்றப்பட்டதா?" பல வார்டுகளில் இன்றும் சுவரில் ஒட்டியிருக்கும் விதி இது. ஆனால் 2012இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. மூன்றாம் நாள் தவறாமல் மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் சிரை அழற்சி ஒரே அளவுதான், 7 சதவீதம். பழைய விதியை வைத்து எண்ணினால், நான்காம் நாளும் சிவப்பில்லாமல் வலியில்லாமல் வேலை செய்யும் குழாயை உங்கள் தாள் தவறு என்று பதிவு செய்யும்.

குழாய் இருக்குமிடத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்துக் குறித்தார்களா, வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு தெரிந்ததும் எடுத்தார்களா, 24 மணி நேரமாகப் பயன்படாத குழாய் இன்னும் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய் போட்ட தேதியும் நேரமும் குழாயை மூடியிருக்கும் ஒட்டின்மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் குழாய் எவ்வளவு நேரமாகக் கையில் இருக்கிறது என்று அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குத் தெரியாது.

தீர்ப்பை மட்டும் எழுதிவைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

என் முதல் சுற்றில் 40 வென்ஃப்ளான்களைப் பார்த்தேன். "தேதி, நேரம் எழுதப்பட்டுள்ளதா?" என்பது கேள்வி. 18இல் "ஆம்" என்று குறித்தேன். அதாவது 45 சதவீதம். வார்டில் பேசினோம், சுவரொட்டி ஒட்டினோம். இரண்டு மாதம் கழித்து மறு தணிக்கை. எனக்கு வேறு பிரிவில் டியூட்டி இருந்ததால் இன்னொரு பயிற்சி மருத்துவர் எண்ணினார். 40இல் 34, அதாவது 85 சதவீதம். துறைக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் வார்டின் மூத்த சிஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். "டாக்டர், நேரம் எழுதுகிற பழக்கம் நம் வார்டில் இன்னும் வரவில்லையே. 34 எப்படி வந்தது?" என்று கேட்டார். எண்ணியவரிடம் விசாரித்தேன். தேதி இருந்தால் அவர் "ஆம்" என்று குறித்திருக்கிறார். நான் தேதி, நேரம் இரண்டும் இருந்தால்தான் "ஆம்" என்று குறித்திருந்தேன். இருவரும் நேர்மையாகத்தான் எண்ணினோம், ஆனால் எண்ணியவை வேறு வேறு.

அப்போதும் மீட்டிருக்கலாம், ஒட்டின்மேல் என்ன இருந்தது என்று தாளில் இருந்திருந்தால். "ஆம்", "இல்லை" மட்டுமே இருந்தன. நோயாளிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், குழாய்கள் குப்பைக்குப் போய்விட்டன. அந்த 34இல் நேரம் எழுதியவை எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சிஸ்டரின் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டாம் முறை தாளை மாற்றினேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத ஒரு கட்டம்: ஒட்டின்மேல் இருப்பதை இருக்கிறபடியே, "12/3" என்றால் "12/3", "12/3 காலை 9" என்றால் அப்படியே. குழாய் எங்கே போடப்பட்டது என்பதற்கு ஒரு கட்டம். சரியா தவறா என்பதைத் தாளில் எழுதவே இல்லை. எல்லாம் சேர்ந்த பிறகு மேசையில் உட்கார்ந்து, முன்பே எழுதிவைத்த விதியின்படி பிரித்தோம். இப்படிச் செய்தால் விதியில் குழப்பம் வந்தாலும் பழைய தாள்களை எடுத்து மறுபடி பிரிக்கலாம்.

இன்னொன்றும் செய்தோம். முதல் பத்துக் குழாய்களை இருவர் தனித்தனியே பார்த்து எழுதினோம். மூன்றில் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் எழுத்து பாதி அழிந்திருந்தது. நான் "இல்லை" என்றேன், அவர் "உண்டு" என்றார். இன்னொரு நோயாளி அவசரப் பிரிவிலிருந்து குழாயோடு வந்தவர். அவரைச் சேர்ப்பதா விடுவதா? மூன்றாவதில் தேதி ஒட்டின்மேல் இல்லை, பக்கத்துப் பிளாஸ்டரில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விதி எழுதினோம்: படிக்க முடியாவிட்டால் இல்லை, அவசரப் பிரிவு நோயாளியையும் சேர்க்கலாம், குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டரில் இருந்தால் உண்டு. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் எண்ணத் தொடங்கும் யாரையும் நான் தடுத்து நிறுத்துவேன்.

மேசைமேல் இருந்த கேஸ் ஷீட்டுகளை மாதிரியாக எடுப்பது

பகல் டியூட்டியில் கிடைத்ததை மட்டும் எண்ணினால் இரவில் போட்ட குழாய்கள் தப்பிவிடும். ஒரே நாளில் வார்டைச் சுற்றிவந்து எண்ணினாலும் சிக்கல் இருக்கிறது: பல நாட்கள் கையில் இருக்கும் குழாய் அன்று கண்ணில் படும், ஆறு மணி நேரத்தில் எடுக்கப்பட்டது படாது. ஒரு தேதியில் தொடங்கி, இரவு, ஞாயிறு உட்பட, வார்டுக்கு வரும் ஒவ்வொரு குழாயையும் வரிசையாக எடுங்கள். 40 ஆனதும் நிறுத்துங்கள். ஒரு வார்டுக்கு அது போதும். ஆனால் 40இல் 18 என்றால் உண்மை நிலை 30 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஐந்து சதவீத உயர்வைக் கண்டு முன்னேற்றம் என்று சொல்லிவிடாதீர்கள்.

எண்ணும் நாளை அறிவிப்பது

தணிக்கை நடப்பதைச் சொல்லுங்கள். நாளைச் சொல்லாதீர்கள்.

முடிவைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு வருவது

குழாய் போடுகிறவர்கள் துறைக் கூட்டத்தில் இருப்பதில்லை. இரண்டாம் முறை முடிவை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், வார்டிலேயே, ஐந்து நிமிடத்தில் சொன்னோம். தேதி 40இல் 30, தேதியும் நேரமும் சேர்ந்து 16. யார் பெயரையும் சொல்லவில்லை. "ஏன் எழுத முடிவதில்லை?" என்று மட்டும் கேட்டோம். ஓர் இளம் செவிலியர் ஒரு புது ஒட்டையும் தன் சட்டைப்பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவையும் எடுத்து எங்கள் கண்முன்னே எழுதிக் காட்டினார். வழவழப்பான ஒட்டில் மை பிடிக்கவில்லை; இரண்டு முறை கீறிய பிறகு "12" மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எல்லோரும் தேதியோடு நிறுத்திக்கொண்டதன் காரணம் அதுதான். சுவரொட்டி இதைச் சரிசெய்திருக்காது. அழியாத மை பேனா ஒன்றை வாங்கி, வென்ஃப்ளான் தட்டின் கைப்பிடியில் நூலால் கட்டினோம்.

மறு தணிக்கையில் ஆளையும் விதியையும் மாற்றுவது

ஆள் மாறலாம். விதி மாறக் கூடாது.

ஆறு வாரம் கழித்து அதே தாள், அதே விதிகள், வரிசையாக 40 குழாய்கள். தேதி 37, தேதியும் நேரமும் 31. மீதி ஒன்பதின் தாள்களை எடுத்து, எங்கே போடப்பட்டது என்ற கட்டத்தைப் பார்த்தோம். ஏழு, இரவில் அவசரப் பிரிவில் போட்டவை. பேனா எங்கள் வார்டுத் தட்டில்தான் கட்டியிருந்தது, அங்கே இல்லை. அடுத்த சுற்றை அங்கிருந்து தொடங்கினோம்.