பசுவும் வெள்ளாடும் சினையா இல்லையா என்று உறுதி செய்வது எப்படி?

கருவூட்டலுக்குப் பிறகு பசு மீண்டும் பருவத்துக்கு வரவில்லை என்றால் சினை பிடித்துவிட்டது என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அது ஒரு நல்ல அறிகுறிதான் என்றாலும், பருவம் வரவில்லை என்பதும் பருவத்தை நாம் பார்க்கவில்லை என்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

முதல் படி: தேதியைக் குறித்து வைத்தல்

சினை ஊசி போட்ட அன்றோ காளையுடன் சேர்த்த அன்றோ தேதியை எழுதிவிடுங்கள். ஒரு பசுவுக்கு ஜூன் 1 அன்று கருவூட்டல் செய்யப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள் என்பதால், சினை பிடிக்காவிட்டால் ஜூன் 19 முதல் 25 வரையிலான நாட்களில் அது மறுபடி பருவத்துக்கு வர வேண்டும்.

இரண்டாம் படி: அந்த நாட்களில் கூர்ந்து கவனித்தல்

இந்த ஒரு வாரமும் காலையிலும் மாலையிலும், முடிந்தால் இரவு படுக்கப் போகும் முன்பும், மாட்டைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். அடிக்கடி கத்துவது, தீனி குறைவது, கண்ணாடி போன்ற திரவம் ஒழுகுவது, மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பது ஆகியவை பருவத்தின் அடையாளங்கள். சில பசுக்களில் இவை எதுவும் வெளியே தெரியாமல் ஊமைப் பருவமாகக் கடந்துபோகும். கட்டியே வளர்க்கப்படும் மாட்டில் ஏறி நிற்பதையும் காண முடியாது. பருவம் முடிந்து ஓரிரு நாள் கழித்துச் சில மாடுகளின் வாலிலும் பின்பக்கத்திலும் இரத்தம் கலந்த சளி தெரியும். நம் கணக்கில் ஜூன் 24 வாக்கில் அதைக் கண்டால், பருவம் நம் கண்ணில் படாமல் வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: கால்நடை மருத்துவரிடம் பரிசோதனை

ஜூலை 31 அன்று 60 நாள் நிறைகிறது. மலக்குடல் வழியே கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்க்கும் பரிசோதனைக்கு இது ஏற்ற காலம். தேர்ந்த கைகளுக்கு 45 நாளிலேயே தெரியக்கூடும். கருப்பையின் இரண்டு கொம்புகளில் ஒன்று மற்றதைவிடப் பருத்து, உள்ளே நீர் தளும்புவதை மருத்துவர் உணர்வார். பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் கருவுக்கே கேடு வரும் என்பதால் இதை நீங்களே முயல வேண்டாம். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் கிடைக்குமானால் சுமார் 30 நாளிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அவ்வளவு சீக்கிரம் உறுதியான கருக்களில் சில பின்னர் அழிந்துபோவதும் உண்டு. ஆகவே 60 நாளைக்குப் பிறகு ஒருமுறை மீண்டும் பார்ப்பது நல்லது.

பரிசோதனையில் சினை இல்லை என்று தெரிந்தாலும் அது வீண் போவதில்லை. தவறவிட்ட பருவம் ஜூன் 22 என்றால், அடுத்தவை ஜூலை 13, ஆகஸ்ட் 3. மூன்றே நாளில் வரப்போகும் பருவத்துக்கு நீங்கள் தயாராக நிற்கலாம். வயிறு பெருக்கட்டும் என்று காத்திருந்தவருக்கு இது தெரியவே பல மாதங்கள் ஆகியிருக்கும். சினை உறுதியானால், ஏறத்தாழ 280 நாள் கணக்கில் மார்ச் 8 வாக்கில் கன்றை எதிர்பார்க்கலாம். அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜனவரி தொடக்கத்தில், கறவையை நிறுத்த வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. சினையாக உள்ள சில மாடுகளும் பருவ அறிகுறி காட்டும். அதைக் கண்டதும் மறுபடி சினை ஊசி போட்டால் கருப்பை வாய் அடைப்பு குலைந்து கரு சிதையக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகே ஊசி.

வெள்ளாட்டுக்கு என்ன செய்வது?

ஆட்டின் மலக்குடலில் கை நுழையாது என்பதால் மேலே சொன்ன முறை இங்கே உதவாது. பருவச் சுழற்சி இதற்கும் சுமார் 21 நாள்தான். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஜூன் 1 அன்று கிடாவுடன் சேர்ந்த ஆடு அக்டோபர் 29 வாக்கில் குட்டி போடும். ஆண்டின் சில மாதங்களில் பருவத்துக்கே வராத இனங்கள் இருப்பதால், பருவம் வராதது ஆட்டில் இன்னும் பலவீனமான சான்று.

வயிற்றையும் நம்ப முடியாது. வெள்ளாட்டில் பொய்ச்சினை என்ற நிலை ஏற்படுவதுண்டு: கருப்பையில் நீர் மட்டும் சேர்ந்து, ஆடு பருவத்துக்கு வராமல், வயிறும் மெல்லப் பெருத்து, சினை ஆடு போலவே தோன்றும். கடைசியில் ஒருநாள் நீர் மொத்தமாக வெளியேறும், குட்டி இருக்காது. பாலிலோ இரத்தத்திலோ புரோஜெஸ்டிரோன் அளவு பார்க்கும் சோதனையும் இங்கே ஏமாற்றும், ஏனெனில் பொய்ச்சினையிலும் அந்த ஹார்மோன் கூடுதலாகவே இருக்கும்.

எனவே ஆட்டுக்கு ஸ்கேன்தான் சிறந்த வழி. 45 நாள் கடந்தபின், மடிக்கு அருகே வலப்பக்கம் முடியில்லாத தோலில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். திரையில் கரும்பரப்பாக நீர் தெரிவது மட்டும் போதாது. குட்டியின் உருவமோ, துடிக்கும் இதயமோ, நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் வட்டமான முடிச்சுகளோ தெரிந்தனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீர் மட்டுமே தெரிந்தால் பொய்ச்சினை என்று ஐயப்பட்டு, அதைக் கலைப்பதற்கான ஊசியைப் பற்றி அவரே முடிவு செய்வார். அந்த ஊசி உண்மையான சினையையும் கலைத்துவிடும் என்பதால், சிறிது சந்தேகம் இருந்தாலும் சில நாள் கழித்து இன்னொரு முறை ஸ்கேன் செய்த பிறகே போட வேண்டும்.