எபிடூரலும் பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கும் குடும்பங்களில், பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி என்றாலே இரண்டு பேச்சு வரும். "வலி நின்னா பிரசவம் நின்னுடும்", "ஆயுசுக்கும் முதுகுவலி". இரண்டுமே அந்த ஊசி செய்யாத குற்றம். அது உண்மையிலேயே செய்யக்கூடிய ஒன்றைத்தான் வீட்டில் பனி என்றும் சளி என்றும் சொல்லிக் கோட்டை விடுகிறோம்.

இடுப்புக்குச் சற்று மேலே, தண்டுவடம் முடிந்துபோன பகுதியில், அதன் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள். அதன் வழியே குறைந்த அளவு மரத்துப்போகும் மருந்து போய், கருப்பையிலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகளை மட்டுப்படுத்தும். கருப்பை சுருங்குவதை அது நிறுத்தாது. கருப்பை வாய் திறக்கும் கட்டத்தில் பெரிய தாமதம் வராது. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம். சிசேரியன் வாய்ப்பு இதனால் கூடுவதில்லை. ஆயுதம் போட்டு எடுப்பது கூடும் என்ற பேச்சு, அதிகச் செறிவில் மருந்து கொடுத்த காலத்தில் உண்மையாக இருந்தது. இன்றைய நீர்த்த மருந்தில் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. முக்கும் நேரத்தில் மருந்தை நிறுத்தச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவது வீண். பிரசவம் அதனால் எளிதாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, வலி திரும்புவது மட்டும் நிச்சயம்.

பி.பி. இறங்குவது, அரிப்பு, சிறுநீர் கழிக்கச் சிரமம், லேசான காய்ச்சல் எல்லாம் வரக்கூடியவை. அதற்குத்தான் அடிக்கடி பி.பி. பார்க்கிறார்கள். நடுக்கமும் வரும். அது ஊட்டிக் குளிர் இல்லை, பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம், நாள்பட்ட முதுகுவலிக்கு எபிடூரல் காரணமில்லை.

இனி தலைவலி. குன்னூர்ப் பெண் ஒருவர் கோவையில் பிரசவம் முடிந்து, இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி மலையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்ததும் நெற்றியிலும் பிடரியிலும் பலமான வலி. காது அடைக்கிறது. வீட்டில், "மலை ஏறினதுல காது அடைச்சிருக்கு, பச்ச உடம்புக்காரிக்குப் பனி பட்டிருச்சு" என்று காதைச் சுற்றி மப்ளர் கட்டி, ஆவி பிடிக்க உட்கார வைக்கிறார்கள். வலி இன்னும் ஏறுகிறது. படுத்தால் சில நிமிடத்தில் தணிகிறது.

துப்பு அங்கேதான் இருக்கிறது. சுமார் நூறு எபிடூரலில் ஒன்றில் ஊசி உறையைத் துளைத்துவிடும். அந்த ஓட்டை வழியே மூளையைத் தாங்கும் திரவம் கசிய, நிமிர்ந்ததும் மூளை லேசாகக் கீழே இழுபட்டு வலிக்கிறது. காது அடைப்பும் அதனால் வருவதுதான். துளைத்தது அந்த நேரத்தில் தெரியாமலே போகலாம், ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் குறிப்பு இல்லை என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது.

பாராசிட்டமால், போதுமான தண்ணீர், ஒரு காபி ஆகியவை கொஞ்சம் தாங்கிக்கொள்ள உதவும். பல தலைவலிகள் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். ஆனால் உட்கார்ந்து பால்கூடக் கொடுக்க முடியாத தாயை அதுவரை காத்திருக்கச் சொல்வது கொடுமை என்பது என் எண்ணம். ஊசி போட்ட மருத்துவமனைக்குப் போன் செய்து மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள். தேவைப்பட்டால் தாயின் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் அதே பகுதியில் செலுத்துவார்கள். அது ஓட்டையை அடைக்கும். பலருக்குச் சில மணி நேரத்தில் வலி இறங்கிவிடும், சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். கொண்டை ஊசி வளைவுகளில் உட்கார வைத்து அழைத்துப் போகாமல் பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிச் செல்லுங்கள்.

எல்லாத் தலைவலியையும் எபிடூரல் கணக்கில் எழுதிவிடுவதும் தவறுதான். படுத்தாலும் குறையாத வலி, பார்வை மங்கல், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், அல்லது முதலில் படுத்தால் குறைந்த வலி பிறகு குறையாமல் மாறுவது ஆகியவை வேறு ஆபத்துகள். பிரசவத்துக்குப் பிறகும் பி.பி. ஏறி வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் உறையலாம். பி.பி.யை உடனே பாருங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்.

முதுகுக்குள் ரத்தக் கட்டும் சீழும் மிக மிக அரிது. அப்படி வந்தால், முதலில் சரியாக இருந்த கால்கள் திரும்பவும் பலமிழக்கும், முதுகுவலி கூடிக்கொண்டே போகும், சிறுநீரோ மலமோ அடங்காது. சீழானால் சில நாள் கழித்துக் காய்ச்சலோடு வரும். ஸ்கேனும் அறுவையும் சில மணி நேரத்துக்குள் நடந்தால்தான் கால்கள் தப்பும். மலையிலிருந்து இறங்கும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே 108-ஐ அழைத்துவிட்டே மற்ற வேலையைப் பாருங்கள்.