உறைகுளிரில் சார்ஜ்: லித்தியம் படியவைக்கும் தவறுகள்

“குளிரிலும் லோடு நன்றாகத்தான் ஓடுகிறது, சார்ஜ் ஏற்றினால் மட்டும் என்ன ஆகிவிடும்?” முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பெரும்பாலான லித்தியம் அயன் செல்களின் டேட்டாஷீட்டில் டிஸ்சார்ஜுக்கு -20°C வரை இடம் உண்டு. சார்ஜுக்கோ 0°C-தான் எல்லை. இரண்டும் வேறு வேறு வேலை என்பதால்தான் இந்த வித்தியாசம்.

டிஸ்சார்ஜில் லித்தியம், செல்லின் நெகட்டிவ் முனையில் உள்ள கிராஃபைட்டை விட்டு வெளியேறுகிறது. சார்ஜில் அதன் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். குளிரில் அந்த நுழைவு மிகவும் மந்தமாகிவிடும். சார்ஜரோ அதைப் பார்க்காமல் அதே கரண்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். நிறையும் நிலையில் உள்ள கிராஃபைட்டின் மின்னழுத்தம், லித்தியம் உலோகத்தைவிடச் சுமார் 0.1 வோல்ட் மட்டுமே மேலே இருக்கிறது. நெரிசலில் அந்த 0.1 வோல்ட்டும் கரைந்துவிட்டால், உள்ளே போக முடியாத லித்தியம் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். செல் நிறைய நிறைய அபாயம் கூடுவதும் இதனால்தான்.

அடுத்த தவறு, வோல்ட்டேஜைப் பார்த்துத் திருப்தி அடைவது. லித்தியம் அயன் பாஸ்பேட் வகையான எல்எஃப்பி செல்கள் நான்கு தொடராக உள்ள 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு -5°C-ல் 20 ஆம்பியர் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மீட்டர் சார்ஜ் எல்லையான 14.6 வோல்ட்டைத் தாண்டவே இல்லை. ஆனால் மீட்டர் காட்டுவது இரு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசம்; கிராஃபைட் மட்டும் எங்கே நிற்கிறது என்பது அதில் தெரியாது. எல்லைக்குள் நின்றபடியே படிதல் நடக்கும்.

படிந்ததில் ஒரு பங்கு அடுத்த டிஸ்சார்ஜில் திரும்ப கரைந்துவிடும். மீதி எலக்ட்ரோலைட்டுடன் வினைபுரிந்து வீணாகும், அல்லது மின்தொடர்பு அறுந்து தனித்துண்டாகச் செத்துக் கிடக்கும். ஒரு சார்ஜுக்கு 0.2 ஆம்பியர் மணி இப்படிப் போவதாகக் கொண்டால், 50 இரவுகளில் 10 ஆம்பியர் மணி போய்விடும். எடையில் இது ஒவ்வொரு செல்லுக்கும் ஏறத்தாழ 2.6 கிராம் லித்தியம். வெயில் வந்தாலும் அது திரும்பாது. குளிரால் தற்காலிகமாகக் குறையும் திறன் சூட்டில் திரும்பிவிடும் என்பதால், பலர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறுகிறார்கள்.

பாதுகாப்பு இதைவிடக் கவலைக்குரியது. படிந்த உலோகம் எலக்ட்ரோலைட்டுடன் எளிதில் வினைபுரியும். அதனால் நல்ல செல் தாங்கும் வெப்பநிலைக்குக் கீழேயே இந்தச் செல் தானாகச் சூடேறத் தொடங்கலாம். படிவு ஊசிபோல வளர்ந்து, இரு முனைகளையும் பிரித்து வைக்கும் செபரேட்டரைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும்.

சென்சார் இருப்பதே போதும் என்று நம்புவதும் தவறுதான். பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போர்டில் ஒட்டிய சென்சார் போர்டின் சூட்டைத்தான் சொல்லும். காலையில் காற்று 6°C-க்கு வந்தபோதும் இரவெல்லாம் குளிர்ந்த 8 கிலோ செல்கள் மைனஸிலேயே இருக்கலாம். உள்மையம் சூடேற மணிக்கணக்காகும். சென்சார் நடு செல்லின் உடலில் இருக்க வேண்டும், 5°C-க்குக் கீழே சார்ஜ் முழுவதும் அடைபட வேண்டும். 5 முதல் 10°C வரை இந்த 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் போகாமல், 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். டேட்டாஷீட் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் சூடாக்கினால் செலவு அதிகம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ செல்லை 1°C சூடாக்கச் சுமார் 1 கிலோஜூல் வேண்டும். 8 கிலோவை -10-லிருந்து 5°C-க்குக் கொண்டுவர 120 கிலோஜூல், அதாவது 33 வாட் மணி. சுமார் 1280 வாட் மணி உள்ள பேட்டரியில் இது 3 சதவீதம்கூட இல்லை. 40 வாட் ஹீட்டர் பேட் கணக்குப்படி 50 நிமிடத்தில் முடிக்கும். வெப்ப இழப்போடு இரண்டு மணி நேரம் ஆகலாம். ஹீட்டருக்கான கரண்ட் சார்ஜரிலிருந்து வரும்படி இணைத்தால், அது செல்லுக்குள் கசியாமல் தனிவழியே போகிறதா என்று கிளாம்ப் மீட்டரால் சரிபாருங்கள்.

ஏற்கெனவே குளிரில் சார்ஜ் ஏற்றிவிட்டீர்களா? ஏற்றிய உடனே, குளிரிலேயே குறைந்த கரண்ட்டில் டிஸ்சார்ஜ் செய்து, வோல்ட்டேஜைப் பதிவு செய்யுங்கள். படிவு இருந்தால் வழக்கத்தைவிடச் சற்று உயரமான மட்டத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு படியிறங்கும். அந்த மேடு, படிந்தது கரைகிற நேரம். பல மணி நேரம் கழித்துப் பார்த்தால் இது தென்படாமல் போகலாம். பிறகு 25°C-ல் முழுத் திறன் சோதனை செய்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். சில வாரங்கள் இணைப்பின்றி வைத்ததில் மற்றவற்றைவிட வேகமாக வோல்ட்டேஜ் இறங்கும் செல்லையும், உப்பிய செல்லையும் அந்தத் தொகுப்பிலிருந்து கழற்றி, மறுசுழற்சிக்கு அனுப்பும் வரை எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். செல்களின் வோல்ட்டேஜைச் சமப்படுத்தும் பேலன்ஸர் அதைச் சரிசெய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை.