கிளிக் விலை வரைபடம்: எல்லைக் கோடுகளில் நேரும் தவறுகள்

விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு நேற்று 12 ரூபாய், இன்று 13.80. இது வழக்கமான ஆட்டமா, விலையே ஏறிவிட்டதா? இதற்கு விடை சொல்வதுதான் கட்டுப்பாட்டு வரைபடம்: தினசரி விலையைப் புள்ளிகளாக வைத்து, சராசரிக்கு மேலும் கீழும் ஓர் எல்லைக் கோடு போடுவோம்; கோடுகளைத் தாண்டும் புள்ளி வழக்கமான ஆட்டம் அல்ல. ஆனால், அதன் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கணக்கிடும்போதே பலர் சறுக்கிவிடுகிறார்கள்.

கையில் இருக்கும் எல்லா நாள்களையும் சேர்த்து, விலைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, சராசரியோடு கூட்டியும் கழித்தும் எல்லை போடுவதுதான் பெரிய தவறு. ஓர் இணையக் கடையின் தேடல் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 20 நாள்கள் விலை 12 ரூபாயை ஒட்டி ஆடுகிறது. புதிய போட்டியாளர் ஏலத்தில் இறங்கியதும் அடுத்த 20 நாள்கள் 15 ரூபாயை ஒட்டி ஆடுகிறது. நாற்பது நாள்களையும் சேர்த்தால் திட்ட விலக்கம் சுமார் 1.70; எல்லைகள் 8.40, 18.60. ஒரு புள்ளிகூட வெளியே விழாது! விலை கால் பங்கு கூடியிருக்கிறது. அந்த ஏற்றமே திட்ட விலக்கத்தையும் பெருக்கி, தன்னை மறைத்துக்கொண்டது.

அதனால் நிலையாக இருந்த முதல் 20 நாள்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு நாளின் விலைக்கும் முந்தைய நாள் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று, ஏற்றமா இறக்கமா என்று பாராமல் குறித்துச் சராசரி காணுங்கள். அது 0.90 என்றால், 2.66 என்ற மாறா எண்ணால் பெருக்க 2.39 வரும். அதைச் சராசரி விலையான 12உடன் கூட்டினால் மேல் எல்லை 14.39, கழித்தால் கீழ் எல்லை 9.61. இப்போது 13.80 உள்ளேயே நிற்கிறது. ஏலத் தொகையில் கைவைக்க வேண்டியதில்லை. 15 ரூபாய் வெளியே தெரிகிறது.

எல்லையைத் தாண்டினால்தான் மாற்றம் என்று காத்திருப்பதும் தவறு. விலை 12.70, 13.10, 12.50 என்று தொடர்ந்து எட்டு நாள்கள் சராசரிக்கு மேலேயே நின்றால், எல்லைக்குள் இருந்தாலும் அது மாற்றம்தான். மெல்ல ஏறும் விலை பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும்.

வார இறுதியில் விலை வழக்கமாகவே இறங்கும் விளம்பரக் கணக்குகளில், வார நாள்களுக்குத் தனி வரைபடம் போடுங்கள். இரண்டையும் கலந்தால் வெள்ளி–சனி, ஞாயிறு–திங்கள் தாவல்கள் எல்லைகளை வீணாக அகலமாக்கும். ஒரு நாளில் முப்பது, நாற்பது கிளிக் மட்டுமே விழும் கணக்கில் தினசரி விலை கண்டபடி ஆடும். அங்கே ஒரு வாரச் செலவை அந்த வாரக் கிளிக்குகளால் வகுத்து ஒரே புள்ளியாக வையுங்கள்.

எல்லைகளைத் தினமும் புதிதாகக் கணக்கிடவும் வேண்டாம். ஏறும் விலையோடு கோடும் ஏறிக்கொண்டே போகும். மாற்றத்தின் காரணம் தெரிந்து, அது நிலைக்கும் என்று உறுதியான பிறகு, அந்த நாளிலிருந்து புதிய சராசரியும் புதிய எல்லைகளும் போடுங்கள்.