மையக்குத்துக்கோடும் கோண இருசமவெட்டியும்: செங்குத்தாக இருந்தும் தவறாகிப்போகும் படங்கள்

புதிதாகக் கவராயம் பிடிப்பவர்களின் ஏடுகளைத் திருத்தும்போது, நாங்கள் பள்ளியில் செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். மழுங்கிய பென்சிலையும் நழுவும் அளவுகோலையும் அவரவரே கண்டு திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

A-க்கும் B-க்கும் இடையில் மாறிவிடும் ஆரம்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 8 செ.மீ நீளமுள்ள AB என்ற கோட்டுத்துண்டுக்கு மையக்குத்துக்கோடு வரைவதாகக் கொள்வோம். கவராயத்தை 5 செ.மீ விரித்து, A-இல் முள்ளை ஊன்றி மேலும் கீழும் வில் வரைகிறோம்; அதே விரிவுடன் B-இலிருந்தும் வரைகிறோம். வில்கள் C, D என்ற புள்ளிகளில் வெட்டிக்கொள்ள, CD என்ற கோடு AB-ஐ A-இலிருந்து சரியாக 4 செ.மீ தொலைவில், M என்ற புள்ளியில் கடக்கிறது.

கவராயத்தின் திருகு தளர்ந்திருந்து, B-க்கு நகர்த்தும்போது விரிவு 5.2 செ.மீ ஆகிவிட்டால் M சற்று A பக்கம் நகர்ந்துவிடும். AM 3.87 செ.மீ, MB 4.13 செ.மீ என்று ஆகும். இவ்வளவு நடந்தும் CD மட்டும் AB-க்குச் செங்குத்தாகவே நிற்கும்! AC-யும் AD-யும் சமம், BC-யும் BD-யும் சமம் என்பதால் ACBD ஒரு பட்டம். பட்டத்தின் மூலைவிட்டங்கள் எப்போதும் செங்குத்தாகவே வெட்டும். சமமாக வெட்டுவதற்குத்தான் AC-யும் BC-யும் சமமாக இருக்க வேண்டும். ஆகவே மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, செங்கோணம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைபவர் எதையும் சோதித்தவர் ஆகமாட்டார்.

ஒரு மாணவி முக்கோணத்திற்குச் சுற்றுவட்டம் வரைந்து கொண்டுவந்தாள். AB, BC ஆகிய இரு பக்கங்களின் மையக்குத்துக்கோடுகளும் வெட்டும் இடத்தை மையமாகக் கொண்டு அவள் வரைந்த வட்டம் B, C வழியாகச் சென்றது; A-ஐ மட்டும் தொடாமல் போனது. முக்கோணத்தையே தவறாக வரைந்துவிட்டதாக எண்ணி முழுப்படத்தையும் அழிக்கப் போனாள். மையம் B, C இரண்டிலிருந்தும் சம தொலைவில் இருக்கும்போது BC-இன் மையக்குத்துக்கோட்டில் பிழை இல்லை. பிழை AB-இன் கோட்டில்தான் என்பதை அந்த வட்டமே காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த ஒரு கோட்டைத் திரும்ப வரைந்ததும் வட்டம் A வழியாகவும் சென்றது.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. B-இலிருந்து வில்களை வரைந்து முடித்ததும், விரிவை மாற்றாமல் முள்ளை மீண்டும் A-இல் ஊன்றிப் பாருங்கள். பென்சில் முனை பழைய வில்லின் மேலேயே சென்றால் ஆரம் மாறவில்லை. படிப்படியான படங்களைத் தயாரிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு: ஒரு படத்தில் A-இன் வில், அடுத்த படத்தில் B-இன் வில் என்று பிரித்துக் காட்டிவிட்டு, இரண்டிலும் ஆரத்தைக் குறிக்காமல் விட்டால், ஒவ்வொரு படத்திற்கும் கவராயத்தைப் புதிதாக விரிக்க வேண்டும் என்றே பழகுநர் புரிந்துகொள்வார். இரண்டு படங்களிலும் ஆரத்தைப் புள்ளிக்கோடாக வரைந்து, 5 செ.மீ என்று எழுதுங்கள்.

பாதியைச் சற்றே தாண்டிய ஆரம்

பாதிக்கு மேல் எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு மேல் என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. அதே 8 செ.மீ கோட்டுக்கு 4.1 செ.மீ ஆரம் எடுத்தால், வில்கள் AB-இலிருந்து 0.9 செ.மீ உயரத்தில் மிகச் சாய்வாக உரசிக்கொள்ளும். வெட்டும் புள்ளி எது என்று சொல்ல முடியாதபடி ஒரு சிறு கரும்பட்டைதான் தெரியும். நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கை ஆரமாகக் கொண்டால், அதாவது இங்கே 5.6 செ.மீ அளவில், வில்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டிப் புள்ளி துல்லியமாகக் கிடைக்கும்.

கோண முனைக்கு மிக அருகில் முடியும் வேலை

கோண இருசமவெட்டியில் முனை O-ஐ மையமாகக் கொண்ட வில் இரு கதிர்களையும் P, Q-இல் வெட்ட, அவற்றிலிருந்து வரையும் சம ஆர வில்கள் R-இல் சந்திக்கின்றன. R, O-இலிருந்து 2 செ.மீ தொலைவில் இருக்கும்போது அரை மில்லிமீட்டர் பக்கவாட்டுப் பிழையே கோட்டை ஏறத்தாழ 1.4° திருப்பிவிடும், 6 செ.மீ தொலைவில் அதே பிழை அரை பாகை அளவே. எனவே 60° கோணத்துக்கு எல்லா ஆரங்களையும் 4 செ.மீ என்று எடுங்கள். R ஏறத்தாழ 6.9 செ.மீ தள்ளி விழும். P, Q-இலிருந்து எடுக்கும் ஆரம் முதல் வில்லின் ஆரத்திற்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவை இரண்டும் தமக்குள் சமமாக இருந்தால் போதும்.

கோணமானி

வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும்.

அழிப்பான்

வில்களை அழிக்காதீர்கள்.